சார்ஜரில் பச்சை, ரவுட்டரில் சிவப்பு: அந்தச் சின்ன லைட் எதைப் பார்த்து எரிகிறது?

கேள்வி: நான் சம்மாந்துறை. வயலுக்கு மருந்து அடிக்கிற பற்றரி மெசினை சார்ஜ்ல போட்ட உடனேயே பச்சை லைட் எரியுது, ஆனா வயல்ல பத்து நிமிசத்துல நிண்டு போகுது. வீட்டுல பைபர் ரவுட்டர்ல காத்து அடிச்சா ஒரு சிவப்பு லைட் வந்து வந்து போகுது. பச்சை எண்டா நல்லது, சிவப்பு எண்டா கூடாது எண்டுதான் எல்லாரும் சொல்றாங்க. இந்த லைட் கலருக்கெல்லாம் உண்மையில என்ன அர்த்தம்?

பதில்:

மெசினின் சார்ஜரில் எரியும் பச்சைக்கு "இப்போது என்னிடமிருந்து கரண்ட் அவ்வளவாகப் போகவில்லை" என்பதுதான் அர்த்தம். பற்றரி நிறைந்திருந்தாலும் அது எரியும், பற்றரி செத்திருந்தாலும் எரியும், இடையில் வயர் அறுந்திருந்தாலும் எரியும். ரவுட்டரில் வந்து போகும் சிவப்பு பெரும்பாலும் LOS என்று எழுதிய லைட்டாக இருக்கும். பைபர் கம்பிக்குள்ளால் வரவேண்டிய ஒளி போதாது என்று அது சொல்கிறது. காற்றோடு வந்து போவதால் ரவுட்டரைச் சந்தேகிக்க வேண்டாம், ரோட்டிலிருந்து வீட்டுக்கு வரும் கம்பியைப் பாருங்கள்.

தொழிற்சாலை இயந்திரங்களின் லைட் நிறங்களுக்குச் சர்வதேச நியமம் இருக்கிறது. வீட்டுச் சார்ஜர், ரவுட்டர் செய்பவர்கள் அதைப் பெரிதாகப் பின்பற்றுவதில்லை. ஒரே சிவப்பு ஒரு சார்ஜரில் "வேலை நடக்கிறது" என்றும், இன்னொரு கருவியில் "பழுது" என்றும் வரும். ஆகவே நிறத்தைப் பாடமாக்குவதை விட, அந்த லைட்டை எரிய வைப்பது எது என்று தெரிந்துகொள்வது பயன்தரும். பெரும்பாலும் ஒவ்வொரு லைட்டுக்கும் பின்னால் ஒரேயொரு அளவீடுதான் இருக்கும்.

முதலில் சார்ஜர். மருந்து மெசின், வீட்டு அவசர லாம்பு, சின்ன யூபிஎஸ், மின்சார ஸ்கூட்டர் ஆகியவற்றோடு வரும் சாதாரண சிவப்பு–பச்சை சார்ஜர்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி வேலை செய்கின்றன. பற்றரி வெறுமையாக இருக்கும்போது சார்ஜர் தன்னால் இயன்ற முழுக் கரண்டையும் தள்ளும். உங்கள் மெசின் வகைச் சார்ஜரில் அது ஒரு அம்பியர், ஒன்றரை அம்பியர் அளவில் இருக்கும். பற்றரியின் வோல்ட் மெல்ல மெல்ல ஏறி, ஈய–அமில பற்றரியானால் 14.4 வோல்ட் அளவுக்கு வந்ததும், சார்ஜர் அந்த வோல்ட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அதன் பிறகு பற்றரி இழுக்கும் கரண்ட் தானாகக் குறைந்துகொண்டே வரும்.

சார்ஜருக்குள் கரண்ட் போகும் பாதையில் ஒரு சின்ன ரெசிஸ்டர் இருக்கிறது. கரண்ட் அதிகமாகப் போனால் அதன் இரண்டு முனைக்கும் இடையில் வோல்ட் அதிகம் விழும், குறைந்தால் குறைவாக விழும். ஒரு சின்ன ஐசி அதைப் பார்த்துக்கொண்டிருக்கும். கரண்ட் ஒரு எல்லைக்கு மேல் இருந்தால் சிவப்பு, கீழே இறங்கினால் பச்சை. முழுக் கரண்டின் பத்தில் ஒரு பங்கு அளவில் அந்த எல்லையை வைப்பது வழக்கம். சார்ஜருக்குத் தெரிந்தது இவ்வளவுதான். பற்றரிக்குள் எவ்வளவு சக்தி சேர்ந்திருக்கிறது என்று அளக்க அதில் எதுவும் இல்லை.

இதை நீங்களே பார்க்கலாம். சார்ஜரை மெசினில் குத்தாமல், சுவரில் மட்டும் குத்துங்கள். பச்சை எரியும். பற்றரியே இல்லாமல் எரியும் பச்சையை "நிறைந்துவிட்டது" என்று வாசிக்க முடியாது அல்லவா? இந்தச் சோதனையை முதலில் செய்துவிட்டால் உங்கள் சார்ஜர் நான் சொல்லும் வகைதானா என்பதும் உறுதியாகிவிடும்.

குத்தியவுடன் பச்சை வருவதற்கு மூன்று காரணம் இருக்கலாம். பற்றரி உண்மையிலேயே நிறைந்திருக்கிறது, அல்லது சார்ஜருக்கும் பற்றரிக்கும் இடையில் பாதை அறுந்திருக்கிறது, அல்லது பற்றரி கரண்டை ஏற்க முடியாத நிலைக்குப் போய்விட்டது. வயலில் பத்து நிமிடத்தில் நிற்கிறது என்பதால் முதலாவது காரணம் அடிபட்டுப் போகிறது. மற்ற இரண்டில் எது என்று பிரித்தறிய ஒரு சாதாரண மல்ரிமீற்றர் போதும்.

தாங்கியில் மிச்சமிருக்கும் மருந்தை ஊற்றிவிட்டுக் கழுவி, கையுறை போட்டுக்கொண்டு மெசினின் அடிப்பக்க மூடியைக் கழற்றுங்கள். உள்ளே பெரும்பாலும் 12 வோல்ட் 8 அம்பியர்–மணி என்று எழுதிய ஒரு மூடிய பற்றரி இருக்கும், அதன் இரண்டு முனையிலும் தகட்டுக் கிளிப் மாட்டியிருக்கும். மீற்றரை டிசி 20 வோல்ட்டில் வைத்துச் சிவப்புக் கம்பியைக் கூட்டல் முனையிலும் கறுப்பைக் கழித்தல் முனையிலும் பிடியுங்கள். சார்ஜும் போடாமல் ஓட்டவும் செய்யாமல் சில மணி நேரம் வைத்திருந்த பற்றரியானால், 12.7 அளவு என்றால் நிறைந்தது, 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி, 11.8 அல்லது அதற்குக் கீழ் என்றால் வெறுமை. வாசிப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு இலக்கத்தை மட்டும் வைத்து முடிவு எடுக்க வேண்டாம், ஏனென்றால் செத்த பற்றரியும் சும்மா இருக்கும்போது நல்ல வோல்ட் காட்டும்.

இப்போது மீற்றர் கம்பிகளைப் பற்றரி முனையிலேயே பிடித்துக்கொண்டு, இன்னொருவரைச் சார்ஜரைக் குத்தச் சொல்லுங்கள். வாசிப்பு கொஞ்சம்கூட அசையாமல் முந்திய இடத்திலேயே நின்றால் கரண்ட் பற்றரிக்கு வந்து சேரவில்லை. சார்ஜர் பின்னின் வாயில் அளந்து பாருங்கள். அங்கே 14 வோல்ட் அளவு இருந்தால் சார்ஜர் நல்லது, கோளாறு மெசினுக்குள்தான். சார்ஜ் குத்தும் துளை, அதிலிருந்து வரும் வயர், பியூஸ் இருந்தால் பியூஸ், கடைசியாக அந்தத் தகட்டுக் கிளிப் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். மருந்துத் தண்ணீர் கசிந்து கிளிப்பில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருப்பது மிகச் சாதாரணம். கல்முனை, காத்தான்குடி, அக்கரைப்பற்று போன்ற கடற்கரை ஊர்களில் மருந்து படாத கிளிப்பும் உப்புக் காற்றால் அப்படிப் பூக்கும். அரத்தாளால் தேய்த்து, கிளிப்பைக் குறட்டால் கொஞ்சம் நெருக்கி இறுக்கமாகத் திரும்ப மாட்டினால் பல மெசின்கள் சரியாகிவிடும். சரியானதற்கு அடையாளம் சார்ஜர் லைட் சிவப்புக்கு மாறுவதுதான்.

சார்ஜரைக் குத்தியதும் வாசிப்பு ஓரிரு நிமிடத்துக்குள் 14-க்கு மேல் பாய்ந்தால் கதை வேறு. நல்ல பற்றரி ஒன்று பாதி நிலையிலிருந்து 14.4-க்கு வர மணிக்கணக்காகும். உடனே பாய்கிறது என்றால் பற்றரியின் உள்ளே தடை கூடிவிட்டது. மிகச் சிறிய கரண்டிலேயே வோல்ட் உயர்ந்துவிடுவதால் சார்ஜர் தன் வேலை முடிந்தது என்று எடுத்துக்கொண்டு பச்சையைப் போடுகிறது.

உறுதிப்படுத்த, சார்ஜரைக் கழற்றிவிட்டு, தாங்கியில் நல்ல தண்ணீர் ஊற்றி, மீற்றர் பற்றரியில் இருக்கும்போதே பம்பை ஓட விடுங்கள். பம்ப் இரண்டு மூன்று அம்பியர் அளவில் இழுக்கும். நல்ல பற்றரி 12.6-இலிருந்து 12.2 அளவுக்கு இறங்கி அங்கேயே நிற்கும். செத்தது 12.7 காட்டிக்கொண்டிருந்துவிட்டு, பம்ப் ஓடத் தொடங்கியதும் 10-க்கும் 9-க்கும் சரியும். சும்மா இருக்கும்போது 12.7, சார்ஜரில் உடனே 14.3, பம்ப் ஓடினால் 9 என்று மூன்று வாசிப்பும் ஒன்றாக வந்தால் சார்ஜரையோ மோட்டரையோ மாற்றிக் காசைக் கரைக்காதீர்கள், பற்றரியை மாற்றுங்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிக்கு நான் முதலில் எதிர்பார்ப்பது இதைத்தான்.

இது ஏன் நடக்கிறது என்பதற்கு நமது வேளாண்மைக் காலமே விடை சொல்லும். பெரும்போகத்தில் களைநாசினி அடித்து முடிந்ததும் மெசினைப் பாதிச் சார்ஜிலோ வெறுமையாகவோ மூலையில் வைத்துவிட்டு, சிறுபோகத்துக்குத்தான் திரும்ப எடுக்கிறோம். ஈய–அமில பற்றரி வெறுமையாகக் கிடந்தால் தகடுகளில் ஈய சல்பேற் படிகமாக இறுகிவிடும். அந்தப் படிகம் கரண்டை ஏற்காது. சூடான அறையில் இது இன்னும் விரைவாக நடக்கும். இறுக ஆரம்பித்து அதிக நாள் ஆகாவிட்டால், சார்ஜரை ஒரு நாள் முழுக்கப் போட்டு வைப்பதில் சிலவேளை கொஞ்சம் திரும்பி வரும். பல மாதம் கிடந்ததை மீட்பது அரிது. புதிய பற்றரியை வாங்கினால், போகம் முடிந்த அன்றே முழுக்கச் சார்ஜ் ஏற்றி வைத்து, பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது சார்ஜரில் போட்டுப் பச்சை வரும்வரை விடுங்கள்.

இதற்கு நேர் எதிரான கோளாறும் இருக்கிறது: சிவப்பு எரிந்துகொண்டே இருக்கும், பச்சைக்கு மாறவே மாறாது. 8 அம்பியர்–மணி பற்றரிக்கு ஒரு அம்பியர் சார்ஜர் என்றால் வெறுமையிலிருந்து நிறையப் பத்து மணி நேரம் அளவில் ஆகும். இரவு போட்டு மறுநாள் மத்தியானம் வரைக்கும் சிவப்பு என்றால், முதலில் மெசினின் சுவிட்ச் போட்டபடி இருக்கிறதா என்று பாருங்கள். அது அணைந்திருந்தால் பற்றரியைத் தொட்டுப் பாருங்கள். 12 வோல்ட் பற்றரிக்குள் ஆறு செல் இருக்கிறது, ஒவ்வொன்றும் இரண்டு வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல். ஒன்று உள்ளுக்குள் சோர்ட் ஆனால் மிச்சம் ஐந்துதான் நிற்கும். எவ்வளவு சார்ஜ் போட்டாலும் ஓய்வில் வோல்ட் 10.5 அளவைத் தாண்டாது, சார்ஜரும் நிறுத்தாமல் கரண்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும், பற்றரி சூடேறி உப்பும். அந்த நிலையில் உடனே கழற்ற வேண்டும். உள்ளே ஹைட்ரஜன் வாயு உண்டாகும், ஆகவே அதைப் படுக்கும் அறையில் வைத்துச் சார்ஜ் போடுவதும் பக்கத்தில் அடுப்பு இருப்பதும் ஆபத்து. ஆபத்தான நிலையில் எரிவது சிவப்பு என்பதால் "இன்னும் ஏறுகிறது" என்று எண்ணி விட்டுவிடுகிறார்கள், அதுதான் எனக்குக் கவலை.

புதிய மெசின்கள் சிலவற்றில் லிதியம் பற்றரி வருகிறது. பெட்டியில் 12 வோல்ட் என்று போட்டிருக்கும், சார்ஜர் பின்னும் ஒரே அளவாக இருக்கும், லைட்டும் அதே சிவப்பு–பச்சைதான். ஆனால் மூன்று செல் லிதியம் பற்றரி நிறைவது 12.6 வோல்ட்டில், ஈய–அமில சார்ஜர் கொடுப்பதோ 14.4. ஒரு செல்லுக்கு 4.2-க்குப் பதில் 4.8 வோல்ட் போகப் பார்க்கும். பற்றரிக்குள் இருக்கும் காவல் சுற்று வேலை செய்தால் துண்டிக்கும், செய்யாவிட்டால் தீப்பிடிக்கும். சார்ஜரின் அடியில் எழுதியிருக்கும் வோல்ட்டை வாசித்துவிட்டுத்தான் குத்த வேண்டும், லைட் இந்த வித்தியாசத்தைக் காட்டித் தராது. துளையிடும் மெசின் போன்றவற்றின் லிதியம் சார்ஜர் சிலவற்றில் சிவப்பு மினுக்கினால் பற்றரி சூடாக இருக்கிறது என்றோ பழுது என்றோ அர்த்தம். வெயிலில் கிடந்த பற்றரியை நிழலில் அரை மணி நேரம் வைத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். அதற்குப் பிறகும் மினுக்கினால்தான் பழுது.

லப்டொப் பற்றியும் ஒரு வார்த்தை. அடப்டரின் உடம்பில் இருக்கும் லைட் "என்னிடம் வோல்ட் இருக்கிறது" என்று மட்டும் சொல்லும். லப்டொப்பில் இருக்கும் லைட்தான் சார்ஜ் பற்றிச் சொல்லும். குத்தியவுடன் அடப்டர் லைட்டே அணைந்தால் பெரும்பாலும் வயரிலோ லப்டொப்பின் துளையிலோ சோர்ட் இருக்கிறது என்று கொள்ளலாம்.

இனி ரவுட்டர். பைபர் ரவுட்டரின் முகப்பில் உள்ள லைட்கள் இணையம் வீட்டுக்குள் வரும் வழியைப் படிப்படியாகக் காட்டுகின்றன. முதலில் பவர், அடுத்து LOS, PON, பிறகு இன்டர்நெட், கடைசியில் லான், வைபை. இந்த ஒழுங்கில் பார்த்துக்கொண்டு போய், எது முதலில் பிழையாக இருக்கிறதோ அங்கே நில்லுங்கள். அதற்குப் பின்னால் உள்ளவை அதனாலேயே பிழையாக இருக்கலாம், அவற்றை ஆராய்ந்து பயனில்லை. வைபை லைட் அழகாக எரிந்தாலும், அது உங்கள் போனுக்கும் ரவுட்டருக்கும் இடையில் உள்ள தொடர்பை மட்டும்தான் காட்டுகிறது.

LOS மற்ற லைட்களுக்கு எதிர்மாறானது. அது எரியாமல் இருப்பதுதான் நல்லது. எக்ஸ்சேன்ஜிலிருந்து லேசர் ஒளி ஒரு கண்ணாடி இழையில் புறப்பட்டு, வழியில் ஸ்பிளிட்டர் என்ற பெட்டியில் பல வீடுகளுக்குப் பிரிந்து, கம்பத்திலிருந்து வரும் மெல்லிய கறுப்புக் கம்பியால் உங்கள் வீட்டுக்குள் வருகிறது. அந்த ஒளியின் அளவு ரவுட்டரால் வாசிக்க முடியாத அளவுக்குக் குறைந்தால் LOS சிவப்பாகும். PON என்பது அடுத்த படி: ஒளி வந்தபின், எக்ஸ்சேன்ஜ் உங்கள் ரவுட்டரை அடையாளம் கண்டு சேர்த்துக்கொண்டதா என்பது. நிலையாக எரிந்தால் சேர்த்தாயிற்று, மினுக்கினால் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது.

காற்று அடிக்கும்போது LOS வந்து போவதற்கு ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒளியின் பலத்தை dBm என்ற அலகிலும், வழியில் அது குறைவதை டெசிபலிலும் சொல்வார்கள். எக்ஸ்சேன்ஜ் லேசர் 3 dBm அளவில் புறப்படுகிறது என்று வையுங்கள். 32 வீட்டுக்குப் பிரிக்கும் ஸ்பிளிட்டரில் ஏறத்தாழ 17 டெசிபல் போய்விடும். ஐந்து கிலோமீற்றர் கண்ணாடி ஒன்றரை டெசிபல் எடுக்கும், வழியில் உள்ள மூட்டுகளும் கொனெக்டர்களும் இரண்டு. மிச்சம் −17.5 dBm உங்கள் ரவுட்டருக்கு வரும். இந்த வகை ரவுட்டரின் தாங்கும் எல்லை −27 அளவு, ஆகவே ஒன்பதரை டெசிபல் கையிருப்பு இருக்கிறது. ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் ஒளி பாதியாகிறது. தென்னோலை விழுந்து கம்பி ஓரிடத்தில் நசுங்கியோ, கூரைத் தகட்டு விளிம்பில் மடிந்தோ கிடந்தால் அந்த மடிப்பு மட்டும் எட்டு டெசிபல் எடுக்கக்கூடும். ஒளி −25.5-க்கு இறங்கிவிட்டது, ஆனாலும் காற்றில்லாத நாளில் எல்லாம் ஓடும், நீங்களும் ஒன்றும் கவனிக்கமாட்டீர்கள். கச்சானோ வாடையோ கம்பியை ஆட்டும்போது மடிப்பு இன்னும் கொஞ்சம் இறுகும், இன்னும் இரண்டு டெசிபல் போகும், −27.5 ஆகும், சிவப்பு வரும். காற்று விட்டால் சிவப்பு திரும்ப அணைந்துவிடும். சிவப்பு இடையிடையே அணைவதைக் கண்டு "சரியாகிவிட்டது" என்று விடக்கூடாது, கண்ணாடியில் வந்த காயம் அப்படியே இருக்கிறது.

நீங்கள் செய்யக்கூடியவை சில. ரவுட்டருக்குப் பின்னால் பச்சை நிறச் சதுரக் கொனெக்டர் ஒன்று இருக்கும். அதை நேராக உள்ளே அழுத்துங்கள், "டிக்" என்று பொருந்த வேண்டும். கூட்டும்போதும் மேசையை நகர்த்தும்போதும் இது பாதி வெளியே வந்துவிடுவது உண்டு. அதைக் கழற்றி முனையைக் கண்ணால் பார்க்காதீர்கள், உள்ளே வரும் லேசர் கண்ணுக்குத் தெரியாது. சாரத்தாலோ சேர்ட்டாலோ துடைக்கவும் வேண்டாம், ஒரு நூல் தூசி போதும் இன்னும் டெசிபல் போக. அடுத்து, வீட்டுக்குள் கம்பி போகும் வழி முழுவதையும் பாருங்கள். அலுமாரிக்குப் பின்னால் நசுங்கி, யன்னல் இடுக்கில் மாட்டி, ஆணியில் சுற்றி இறுகி இருந்தால் அவிழ்த்துவிடுங்கள். மிச்சக் கம்பியைச் சுற்றி வைப்பதானால் சாப்பாட்டுக் கோப்பை அளவு வட்டமாக வையுங்கள். வெளியே, கம்பத்திலிருந்து கூரை வரை ஓலை விழுந்திருக்கிறதா, கொப்பு உரசுகிறதா, அணில் கடித்த அடையாளம் இருக்கிறதா என்று நிலத்தில் நின்று பாருங்கள். கம்பத்தில் ஏற வேண்டாம், பக்கத்தில் மின்சாரக் கம்பியும் போகும்.

ஒளியின் அளவை நீங்களே வாசிக்கவும் முடியும். ரவுட்டரோடு இணைந்த போனில் பிரவுசரைத் திறந்து இந்த முகவரியை அடியுங்கள், ரவுட்டரின் அடியில் வேறு முகவரி எழுதியிருந்தால் அதை அடியுங்கள்:

```
http://192.168.1.1
```

ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் போட்டு உள்ளே போய், Rx Optical Power என்ற வரியைத் தேடுங்கள். சில ரவுட்டரில் அது PON அல்லது Optical என்ற பகுதிக்குள் இருக்கும். −15 முதல் −23 வரை என்றால் கவலையில்லை. −25-க்கு அப்பால் என்றால் விளிம்பில் நிற்கிறீர்கள். காற்றில்லாத நேரம் ஒரு வாசிப்பும் காற்று அடிக்கும்போது ஒரு வாசிப்பும் எடுத்துப் படம் பிடித்து வையுங்கள். இரண்டுக்கும் இடையில் ஓரிரு டெசிபல் அசைந்தாலே கம்பியில் மடிப்போ தளர்ந்த மூட்டோ இருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லலாம். திருத்த வருபவர்கள் வெயில் நாளில் வந்து "லைட் பச்சைதானே" என்று சொல்லிவிட்டுப் போகாமல் இருக்க இந்தப் படங்கள் உதவும்.

LOS எரியவில்லை, ஆனால் PON மினுக்கிக்கொண்டே இருக்கிறது என்றால் வீட்டுக்குள் தேடுவதில் பயன் குறைவு. ஒளி வருகிறது, எக்ஸ்சேன்ஜ்தான் ரவுட்டரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ரவுட்டரை மாற்றிய பிறகு அதன் இலக்கம் பதியப்படாவிட்டாலும், உங்கள் ரவுட்டர் திருப்பி அனுப்பும் லேசர் பலவீனமானாலும் இப்படி வரும். சேவை நிலையத்துக்குத்தான் அழைக்க வேண்டும். PON நிலையாகவும் இன்டர்நெட் மட்டும் சிவப்பாகவோ அணைந்தோ இருந்தால், கம்பி சுகம், கணக்கில்தான் பிரச்சினை. பில் நிலுவையாக இருக்கலாம், அல்லது ரவுட்டருக்குள் இருக்கும் இணைப்பின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அழிந்திருக்கலாம். அழிவதற்கு வழக்கமான காரணம், ஊசி நுழையும் துளைக்குள் இருக்கும் ரீசெட் பொத்தானை யாரோ அமுக்கியதுதான். அது ரவுட்டரை அணைத்துப் போடும் பொத்தான் என்று பலர் எண்ணுகிறார்கள். அது எல்லா அமைப்பையும் துடைத்துவிடும். LOS சிவப்புக்கு அதை அமுக்கினால் ஒரு பழுது இரண்டாகும். அணைத்துப் போட வேண்டுமானால் சுவிட்சால் மட்டும் போடுங்கள்.

பழைய செப்புக் கம்பி இணைப்பில் PON-க்குப் பதில் டிஎஸ்எல் லைட் இருக்கும், வாசிப்பது அதே மாதிரிதான். 4ஜி ரவுட்டரில் நிறம் பெரும்பாலும் எந்த வகைச் சிக்னல் என்பதைக் காட்டும், ஆனால் நிறங்கள் மொடலுக்கு மொடல் மாறும், ஆகவே அதன் கையேட்டில்தான் பார்க்க வேண்டும். லான் துளையில் பச்சைக்குப் பதில் செம்மஞ்சள் எரிந்தால் பல கருவிகளில் அது பழுதல்ல, வேகம் குறைந்த இணைப்பு என்பதுதான். கேபிளுக்குள் ஒரு கம்பி அறுந்தாலும் அப்படி இறங்கும், வேறு கேபிளைப் போட்டுப் பாருங்கள்.

கடைசியாக ஒரு கோளாறு, கரண்ட் அடிக்கடி போகும் இடங்களில் அதிகம் வரும். எல்லா லைட்டும் ஒன்றாக எரியும், அணையும், திரும்பத் தொடங்கும், ஒரு நிமிடத்தில் மறுபடி அதே கதை. பவர் லைட் பச்சைதான், ஆனால் ரவுட்டர் நிலையாக ஓடுவதில்லை. ரவுட்டர் கெட்டுவிட்டது என்று புதிது வாங்குவதற்கு முன் அடப்டரைப் பாருங்கள். அதற்குள் இருக்கும் கபாசிற்றர் காய்ந்து போனால், சும்மா அளக்கும்போது 12 வோல்ட் சரியாகக் காட்டும், வைபை ஓடத் தொடங்கிக் கரண்ட் இழுத்ததும் கீழே சரியும். மீற்றரில் பிடிபடாத இந்தப் பழுதைக் கண்டுபிடிக்க இன்னொரு அடப்டரை மாட்டிப் பார்ப்பதுதான் எளிய வழி. வோல்ட் 12 ஆகவே இருக்க வேண்டும், அம்பியர் பழையதன் அளவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது, பின்னின் உள்ளே கூட்டலா கழித்தலா என்ற படமும் பொருந்த வேண்டும். ரவுட்டருக்குச் சின்ன யூபிஎஸ் பூட்டியிருந்தால், அதைக் கழற்றி ரவுட்டரை நேராக அதன் சொந்த அடப்டரில் போட்டுப் பாருங்கள். யூபிஎஸ்ஸின் பச்சை லைட்டும் உங்கள் மருந்து மெசின் சார்ஜரின் பச்சையைப் போன்றதே, உள்ளே பற்றரி செத்திருந்தாலும் எரியும். நேராகப் போட்டதும் ரவுட்டர் நிற்காமல் ஓடினால் பழுது யூபிஎஸ்ஸில்தான், முதலில் அதன் பற்றரியைச் சந்தேகியுங்கள்.